இல்லாத காலுக்கு ஒரு குறிப்பு

திரைக்கதையில் இரண்டே வரி. ‘ஒரு காலை இழந்த முன்னாள் ராணுவ வீரர் சங்கரன் திண்ணையிலிருந்து இறங்குகிறார். ஊன்றுகோலை ஊன்றி வாசலைக் கடந்து தெருவுக்கு வருகிறார்.’ படிப்பவருக்கு ஐந்து நொடி வேலை. ஆனால் நடிகருக்கு இரண்டு காலும் உண்டு. எந்தக் கால், எந்த ஷாட்டில், எப்படி மறைய வேண்டும் என்பதைப் படப்பிடிப்புக்கு முன்பே தாளில் எழுதிவைக்க வேண்டும். சிஜி மேற்பார்வையாளரும் உதவி இயக்குநரும் கலர் பேனாவோடு திரைக்கதையில் உட்காருவது இதற்காகத்தான்.

இதைச் செய்துகாட்டிய படம் 1994இல் வந்த ‘ஃபாரஸ்ட் கம்ப்’. லெப்டினென்ட் டேனாக நடித்த கேரி சினிஸின் கால்களில் நீலத் துணியைச் சுற்றிப் படமெடுத்தார்கள். பிறகு இண்டஸ்ட்ரியல் லைட் அண்ட் மேஜிக் நிறுவனத்தார் கணினியில் அவற்றை அழித்தார்கள். எல்லா ஷாட்டிலும் அப்படிச் செய்யவில்லை. மாயவித்தைக் கலைஞர் ரிக்கி ஜேயின் யோசனையில் உருவான சக்கர நாற்காலிக்குள் நடிகரின் கால்களை மடித்து மறைக்க இடமிருந்தது. கேமராவிலேயே முடிகிற வேலையைக் கணினிக்குத் தள்ளவில்லை.

திரைக்கதையைக் குறிக்கும்போது எழும் முதல் கேள்வியும் அதுதான். சங்கரன் காட்சியை இயக்குநர் நான்காகப் பிரிக்கிறார் என்று வைத்துக்கொள்வோம். திண்ணையில் உட்கார்ந்திருப்பது ஒன்று. இறங்குவது, கேமரா அசையாத அகன்ற ஷாட். வாசலைக் கடப்பது, கேமரா கூடவே நகரும் ஷாட். கடைசியாகத் தெருவில் முகத்துக்கு அண்மைக் காட்சி. முகம் மட்டும் தெரியும் ஷாட்டுக்கு சிஜி வேண்டாம். உட்கார்ந்திருக்கும் ஷாட்டுக்குக் கலைத்துறை மரத்தில் திண்ணை போட்டு, கால் நுழைய ஓர் ஓட்டை விட்டால் போதும். நடுவில் உள்ள இரண்டுக்குத்தான் எண் கிடைக்கிறது. காட்சி எண் 42 என்றால் அவை `42_010`, `42_020`. பத்துப் பத்தாக எண்ணுவதற்குக் காரணம் இருக்கிறது: இடையில் ஒரு ஷாட் முளைத்தால் `42_015` என்று செருகிக்கொள்ளலாம், மற்ற எண்களைத் தொட வேண்டியதில்லை.

கணினியில் மேற்கொண்டு வேலை செய்வதற்காகப் படம்பிடித்துத் தரும் ஒவ்வொரு துண்டையும் ‘பிளேட்’ என்கிறார்கள். நடிகர் இருக்கும் துண்டு ஒன்று. அதே இடம், அதே கேமரா, அதே வெளிச்சம், ஆனால் ஃபிரேமில் நடிகர் இல்லை என்றால் அது ‘கிளீன் பிளேட்’. காலை அழித்தால் ஒரு பள்ளம் விழும். அந்தப் பள்ளத்தில் திண்ணையின் விளிம்பும் வாசல் மண்ணும் கோலமும் தெரிய வேண்டும். அவற்றை எங்கிருந்தாவது எடுத்துத்தானே நிரப்ப முடியும்?

`42_010`க்கு எழுதும் குறிப்பு ஏறக்குறைய இப்படி இருக்கும்:

கேமரா: ஸ்டாண்டில், அசையாது. லென்ஸ், கேமரா உயரம், சாய்வு, நடிகருக்கும் கேமராவுக்கும் உள்ள தூரம் ஆகியவற்றை ஸ்பாட்டில் குறித்துக்கொள்ள வேண்டும்.
உடை: வலது முழங்காலுக்குக் கீழே நீல உறை. வேட்டியை முழங்காலில் மடித்து ஊசி போட வேண்டும்.
கிளீன் பிளேட்: நல்ல டேக் முடிந்த உடனே, நடிகரும் ஊன்றுகோலும் இல்லாமல், பத்து நொடி. ஃபோகஸையும் அப்பர்ச்சரையும் தொடக் கூடாது.

இதில் வேட்டி பற்றிய வரி மிக முக்கியம். துணி முழங்காலுக்குக் கீழே தொங்கினால், அழிக்கப்போகும் காலின் மேல் பட்டு ஆடும். காலை எடுத்த பிறகும் துணி எதன் மீதோ மோதிக்கொண்டிருக்கும். அதைச் சரிசெய்யத் துணியையே கணினியில் புதிதாக உருவாக்க வேண்டிவரும். வெள்ளை வேட்டிக்கு இன்னொரு தொல்லையும் உண்டு. நீல உறையில் பட்ட வெயில் திரும்பி வேட்டியின் உள்பக்கத்தில் நீலமாக விழும். எனவே உறைக்குப் பளபளப்பில்லாத துணி என்று உடைத்துறைக்கு முன்பே சொல்லிவிட வேண்டும்.

நிழலையும் மறக்கக் கூடாது. நடிகர் இறங்கும்போது வாசலில் இரண்டு காலின் நிழலும் விழும். கிளீன் பிளேட்டில் எந்த நிழலும் இருக்காது. ஒற்றைக்காலின் நிழல் எப்படி விழும் என்று பார்த்துச் செய்ய, வலது காலைப் பின்னால் மடித்துக்கொண்டு ஒருவரை அதே இடத்தில் நிற்கவைத்து ஒரு துண்டு எடுத்துக்கொள்வது நல்லது.

கிளீன் பிளேட் சரியாக வந்ததா என்பதை ஸ்பாட்டிலேயே பார்க்கலாம். மானிட்டரில் டேக்கின் மேல் கிளீன் பிளேட்டைப் பாதி ஒளி ஊடுருவும்படி போட்டால், தூணின் விளிம்பு இரட்டையாகத் தெரிகிறதா என்று புரிந்துவிடும். தெரிந்தால் ஸ்டாண்டை யாரோ இடித்திருக்கிறார்கள். விளிம்பு பொருந்தியும் மண்ணின் நிறம் மாறியிருந்தால், மேகம் வந்துவிட்டது அல்லது எக்ஸ்போஷர் நகர்ந்திருக்கிறது.

`42_020` வேறு ரகம். கேமரா சங்கரனோடு நடக்கிறது. ஆளில்லாமல் அதே பாதையில் மறுபடி நடந்தாலும் அசைவு அச்சாகப் பொருந்தாது. அதே அசைவைத் துல்லியமாகத் திரும்பச் செய்யும் மோஷன் கன்ட்ரோல் கருவி வாடகைக்குக் கிடைக்கும். ஒரு நடையை எடுக்க அதைக் கொண்டுவந்து பொருத்த நேரமும் பணமும் அதிகம். அதனால் கேமரா நகர்வைக் கணினியில் மீட்டெடுத்து, வாசலின் புகைப்படங்களை அதன் மேல் பொருத்துவதே வழக்கம். குறிப்பில் ‘கிளீன் பிளேட்: மெதுவாக ஒரு நடை, கூடவே வாசலின் புகைப்படங்கள்’ என்று எழுதுகிறார்கள்.

கேமரா எப்படி நகர்ந்தது என்பதைக் கண்டுபிடிக்க, அசையாத புள்ளிகள் கணினிக்கு வேண்டும். ஃபிரேமுக்குக் குறைந்தது எட்டுப் புள்ளியாவது, அருகில் சில, தூரத்தில் சில என்று இருந்தால் நல்லது. எல்லாம் ஒரே சுவரில் இருந்தால் ஆழம் பிடிபடாது. ஓட்டு விளிம்பு, தூணின் மூலை, படிக்கல் ஆகியவையே பல நேரம் போதும். சுண்ணாம்பு அடித்த வெறுஞ்சுவர் மட்டும் இருக்கும் இடத்தில்தான் டேப்பில் சிறு குறுக்குக் குறி ஒட்ட வேண்டும். இதுவே டிராக்கிங் மார்க்கர். காற்றில் ஆடும் வாழையிலையும் கொடியில் காயும் துணியும் புள்ளியாக உதவா.

1993இல் வெளியான ‘ஜுராசிக் பார்க்’ படத்தில் கேலிமைமஸ் கூட்டம் ஓடும் காட்சிக்கு இதே சிக்கல் வந்தது. ஹவாயில் திறந்த புல்வெளி. மூலையும் இல்லை, விளிம்பும் இல்லை. அங்கே டென்னிஸ் பந்துகளைத் தரையில் வைத்துப் படமெடுத்து, பிறகு அவற்றை அழித்தார்கள்.

அழிக்கத்தான் வேண்டும் என்பதால் மார்க்கரை அள்ளி ஒட்டுவதும் தவறு. நடிகரின் தலைமுடிக்குப் பின்னால் ஒட்டிய ஒரு குறி, முடி ஒவ்வொன்றாக அதைக் கடக்கும்போதெல்லாம் கைவேலை கேட்கும். நொடிக்கு 24 ஃபிரேம். ஆறு நொடி ஷாட் என்றால் 144 ஃபிரேம். கேமரா வேகமாகத் திரும்பும் இடத்தில் மார்க்கர் கோடாக இழுபட்டுப் பயனற்றுப் போகும். அதனால் `42_020` குறிப்பில் ‘நடிகரின் தலைக்குப் பின்னால் குறி வேண்டாம், நீல உறையில் முழங்காலைச் சுற்றி நான்கு புள்ளி’ என்று வருகிறது. அந்த நான்கு புள்ளிகளும் கேமராவுக்காக வைத்தவை அல்ல. காலின் அசைவைப் பின்தொடர்ந்து, மடித்த வேட்டி நுனியின் கீழே காலின் முடிவைப் பொருத்துவதற்கானவை.

எழுதிய தாள் மேற்பார்வையாளரின் பையிலேயே தங்கிவிட்டால் பயனில்லை. உடைத்துறைக்கு உறையும் ஊசியும், கலைத்துறைக்கு ஓட்டைத் திண்ணையும், ஒளிப்பதிவாளருக்கு லென்ஸ் குறிப்பும், உதவி இயக்குநருக்கு நேரமும் போய்ச் சேர வேண்டும். நேரம்தான் அதிகம் தவறுவது. ‘டேக் ஓகே’ என்ற குரல் கேட்டதும் லைட்மேன்கள் விளக்கை நகர்த்தத் தொடங்கிவிடுவார்கள். அதனால் அன்றைய கால்ஷீட்டில் `42_010`க்குக் கீழே ‘கிளீன் பிளேட், 10 நிமிடம்’ என்று தனி வரி போடுகிறார்கள். இயக்குநர் ஸ்பாட்டில் அசையாத ஷாட்டை நகரும் ஷாட்டாக மாற்றினால், அந்த வரியையும் குறிப்பையும் அங்கேயே திருத்தி, கிளாப் போர்டில் எழுதும் எண்ணோடு சரிபார்க்கிறார் உதவி இயக்குநர்.