மார்ச் 31-க்குப் பிறகு வந்த செய்தி

ஒரு நிறுவனத்தின் கணக்காண்டு மார்ச் 31 அன்று முடிகிறது. கணக்கு அன்றே தயாராகிவிடாது. சரக்கை எண்ணி, வங்கிக் கணக்கோடு ஒப்பிட்டு, ஆடிட்டர் சரிபார்த்து, இயக்குநர் குழு ஒப்புதல் கொடுக்க மே மாதம் ஆகலாம். சிறிய கம்பெனிகளில் ஆகஸ்ட், செப்டம்பர் வரைகூட இழுக்கும். இந்த இடைவெளியில் பாக்கி வைத்திருந்தவர் திவாலாகலாம், கிடங்கு எரியலாம், பழைய வழக்கில் தீர்ப்பு வரலாம். முடிந்துபோன ஆண்டின் கணக்கை இதற்காக மாற்ற வேண்டுமா?

சில நிகழ்வுகளுக்கு மாற்ற வேண்டும். சிலவற்றைக் குறிப்பில் சொன்னால் போதும். இந்தியாவில் பெரிய நிறுவனங்களுக்கு இண்ட் ஏஎஸ் 10, மற்றவற்றுக்கு ஏஎஸ் 4 என்ற விதிகள் இதைச் சொல்கின்றன. செய்தி எப்போது வந்தது என்பதை வைத்து இது முடிவாவதில்லை. அந்தச் செய்தி காட்டும் நிலைமை மார்ச் 31 அன்றே இருந்ததா என்றுதான் பார்க்க வேண்டும்.

ஒரு கற்பனை நூற்பாலையை எடுத்துக்கொள்வோம். துணி வியாபாரி ஒருவர் அதற்கு 40 லட்சம் ரூபாய் தர வேண்டும். ஏப்ரல் 20 அன்று அவர் திவாலானதாகத் தெரிகிறது. 10 லட்சம் வந்தாலே பெரிது. “மார்ச்சில் கடை திறந்துதானே இருந்தது, நஷ்டத்தை அடுத்த வருஷத்தில் காட்டுவோம்” என்று முதலாளிக்குத் தோன்றும். ஆனால் நன்றாக இருந்த வியாபாரம் வெறும் 20 நாளில் தானாகத் திவாலாவது அரிது. கோப்பைப் புரட்டினால் ஜனவரியில் செக் திரும்பியிருக்கும், பிப்ரவரியில் தவணை கேட்டுக் கடிதம் வந்திருக்கும். மார்ச் 31 அன்றே அந்த 40 லட்சம் முழுசாக வரக்கூடிய பணமாக இல்லை. ஏப்ரல் செய்தி அதை உறுதிசெய்தது, அவ்வளவே. எனவே 30 லட்சத்தை முடிந்த ஆண்டிலேயே வாராக்கடனாக ஒதுக்க வேண்டும். அந்த ஆண்டின் லாபம் வரிக்கு முன் 1 கோடி என்றிருந்தால் 70 லட்சமாகக் குறையும்.

அதே வியாபாரி ஒழுங்காகப் பணம் கட்டி வந்தவர். ஏப்ரல் 10 அன்று இன்சூரன்ஸ் இல்லாத அவருடைய கிடங்கு தீப்பிடித்து அவர் நொடித்துப்போகிறார் என்று வைத்துக்கொள்ளுங்கள். இழப்பு அதே 30 லட்சம்தான். ஆனால் மார்ச் 31 அன்று அந்தப் பாக்கி நல்ல பாக்கி. முடிந்த ஆண்டின் எண்களைத் தொடக்கூடாது. நஷ்டம் புதிய ஆண்டுக்குப் போகும். தொகை பெரிது என்பதால், என்ன நடந்தது, ஏறத்தாழ எவ்வளவு போகும், கணிக்க முடியாவிட்டால் முடியவில்லை என்பதைக் குறிப்பில் எழுத வேண்டும்.

உலகம் முழுவதும் இந்தக் கேள்வியைச் சந்தித்தது கொரோனா காலத்தில். வூஹானில் காரணம் தெரியாத நிமோனியா பரவுவதாக உலக சுகாதார நிறுவனத்துக்குத் தகவல் போனது 2019 டிசம்பர் 31. பல நாடுகளில் அதே நாளில்தான் கணக்காண்டு முடிகிறது. நோயாளிகள் அப்போதே இருந்தார்கள். ஆனால் வியாபாரத்தை முடக்கிய பரவலும் கட்டுப்பாடுகளும் ஜனவரிக்குப் பிறகே வந்தன. ஆகவே அந்த நிறுவனங்களுக்கு இது பொதுவாகக் குறிப்பில் சொல்லும் விஷயம் என்றே கொள்ளப்பட்டது. இந்தியாவில் நிலைமை வேறு. 2020 மார்ச் 25 அன்றே ஊரடங்கு தொடங்கிவிட்டது. மார்ச் 31-இல் கணக்கை மூடியவர்கள் தேங்கிய சரக்கையும் வராத பாக்கியையும் அந்த ஆண்டின் எண்களிலேயே மதிப்பிட வேண்டியிருந்தது.

ஒரு விதிவிலக்கு உண்டு. மார்ச் 31-க்குப் பிறகு நடந்த ஒன்றால் கம்பெனியே மூடப்படும் நிலை வந்துவிட்டால், தொடர்ந்து நடக்கும் தொழில் என்ற அடிப்படையில் பழைய கணக்கையும் போடக்கூடாது. அதற்கு முன் நிலைமை எப்படி இருந்தது என்ற கேள்விக்கே இங்கே இடமில்லை. ஆண்டு முடிந்த பிறகு இயக்குநர்கள் பரிந்துரைக்கும் ஈவுத்தொகை இன்னொரு வகை: மார்ச் 31 அன்று கொடுக்க வேண்டிய கடன் இல்லாததால் அது குறிப்பில் மட்டுமே வரும்.

தவறு பெரும்பாலும் ஒரே திசையில்தான் நடக்கிறது. பழைய நோயைப் புதிய விபத்தாகக் காட்டி நஷ்டத்தைக் குறிப்புக்குள் தள்ளிவிடுகிறார்கள். இதைக் கண்டுபிடிக்கத்தான் ஆடிட்டர் ஏப்ரல், மே மாத வங்கி வரவுகளையும் வக்கீல் கடிதங்களையும் இயக்குநர் குழுவின் கூட்டக் குறிப்பேட்டையும் கேட்கிறார். நாம் பங்கு வாங்கிய நிறுவனத்தின் ஆண்டறிக்கையில் இயக்குநர்கள் கையெழுத்திட்ட தேதியைப் பாருங்கள். மார்ச் 31-க்கும் அந்தத் தேதிக்கும் நடுவே நடந்ததாகக் குறிப்பில் சொல்லப்பட்ட ஒவ்வொரு நஷ்டத்துக்கும், அதன் வேர் எந்த மாதத்தில் இருக்கிறது என்று கேளுங்கள். பதில் பிப்ரவரி என்று வந்தால், அந்த நஷ்டம் லாபநஷ்டக் கணக்கில் இருந்திருக்க வேண்டும்.