அவர் ஏன் விழுந்தார்?

அறுவை சிகிச்சை வார்டில் நோயாளி விழுந்தால் எழுதப்படும் மூலகாரண அறிக்கை, நடந்ததை நேர வரிசையில் சொல்லித் தொடங்க வேண்டும். ஓர் உதாரணம்: குடலிறக்க அறுவை முடிந்த 68 வயதுக்காரருக்கு இரவு 10 மணிக்கு வலிக்கு டிரமடால் ஊசி. 2.10-க்குத் தனியாகக் கழிப்பறைக்கு எழுந்தவர் தலைசுற்றி விழுகிறார்.

அடுத்த பகுதி, 'ஏன்?' மணி அடித்து நர்ஸை ஏன் கூப்பிடவில்லை? கட்டிலை நகர்த்தியதில் மணி கைக்கு எட்டவில்லை. உதவி தேவைப்படுபவர் என்று ஏன் யாருக்கும் தெரியவில்லை? விழும் அபாய மதிப்பெண் அட்மிஷனில் போட்டதோடு சரி. அறுவைக்குப் பின் மறுபடி போட, படிவத்தில் இடமே இல்லை. வேர் இங்கேதான் இருக்கிறது. 'நர்ஸின் கவனக்குறைவு' என்று எழுதியிருந்தால் விசாரணை இதுவரை வந்தே இருக்காது.

கடைசியில் தீர்வு, பொறுப்பாளர், கெடு, சரிபார்க்கும் முறை. 'ஊழியர்களுக்கு அறிவுறுத்தப்பட்டது' என்பது தீர்வாகாது. படிவம் மாற வேண்டும்.