தொடும் இடம் எது?

பத்தாம் வகுப்பு கணிதத்தில் ஒரு வரைதல் கணக்கு உண்டு. 6 செ.மீ. விட்டமுள்ள வட்டம் வரைய வேண்டும். மையத்திலிருந்து 8 செ.மீ. தள்ளி ஒரு புள்ளி. அந்தப் புள்ளியிலிருந்து வட்டத்துக்கு இரண்டு தொடுகோடுகள் வரைந்து, அவற்றின் நீளத்தை அளக்க வேண்டும்.

படித்ததும் கை ஸ்கேலுக்குத்தான் போகும். ஸ்கேலின் விளிம்பைப் புள்ளியில் அணைத்து, மறுமுனையை வட்டத்தை உரசும்வரை திருப்பி, ஒரு கோடு இழுத்தால் ஆயிற்று. உண்மையைச் சொன்னால், அப்படி இழுத்த கோடு ஏறக்குறைய சரியாகவே விழும். சிக்கல் அடுத்த வரியில் வருகிறது. நீளத்தை அளக்க வேண்டுமே, எதுவரை அளப்பது? கோடு வட்டத்தைத் தொடும் இடம் எது?

உற்றுப் பார்த்தால் அது ஒரு புள்ளியாகத் தெரியாது. தொடும் இடத்திலிருந்து கோட்டின் மேல் 3 மி.மீ. நகர்ந்த பிறகும் கோட்டுக்கும் வட்டத்துக்கும் இடைவெளி 0.15 மி.மீ.தான். 5 மி.மீ. நகர்ந்தால் 0.4 மி.மீ. சீவின பென்சிலின் கோடே ஏறக்குறைய அரை மி.மீ. தடிமன் இருக்கும். ஆகவே தொடும் இடத்துக்கு இருபுறமும் சேர்த்து ஒரு சென்டிமீட்டர் அளவுக்குக் கோடும் வட்டமும் ஒன்றாகவே தெரியும். ஒருவர் 7 என்பார், இன்னொருவர் 7.9 என்பார். இருவர் கண்ணிலும் பழுதில்லை.

கண்ணால் பிடிக்க முடியாத அந்த இடத்தை ஒரு செங்கோண முக்கோணம் பிடித்துக் கொடுக்கிறது. தொடுகோட்டின் மேல் தொடுபுள்ளி ஒன்றுதான் வட்டத்தில் இருக்கிறது. மற்ற எல்லாப் புள்ளிகளும் வட்டத்துக்கு வெளியே, அதாவது மையத்திலிருந்து ஆரத்தைவிடத் தொலைவில். அப்படியானால் மையத்திலிருந்து அந்தக் கோட்டுக்குப் போகும் மிகக் குறுகிய வழி தொடுபுள்ளியில்தான் முடிகிறது. ஒரு கோட்டுக்குப் போகும் குறுகிய வழி எப்போதும் செங்குத்து. ஆகவே தொடுபுள்ளியில் ஆரமும் தொடுகோடும் 90 பாகையில் சந்திக்கின்றன.

மையம், தொடுபுள்ளி, வெளிப்புள்ளி மூன்றையும் இணைத்தால் செங்கோண முக்கோணம் தயார். கர்ணம் 8, ஒரு பக்கம் 3. மீதிப் பக்கத்தைப் பித்தாகரஸ் தேற்றம் சொல்லிவிடும்: 64-இல் 9 போக 55, அதன் வர்க்கமூலம் சுமார் 7.4. வரையாமலே நீளம் தெரிந்துவிட்டது.

இடத்தைக் கண்டுபிடிக்க, கேள்வியைத் திருப்பிப் போட வேண்டும். 8 செ.மீ. கோடு ஒன்று கர்ணமாக இருக்கிறது. செங்கோண முனை எங்கெல்லாம் நிற்கலாம்? ஒரு அட்டையில் 8 செ.மீ. இடைவெளியில் இரண்டு குண்டூசி குத்துங்கள். மூலைமட்டத்தின் செங்கோண முனையின் இரு விளிம்புகளும் ஆளுக்கொரு ஊசியை உரசும்படி வைத்து மெல்ல நகர்த்துங்கள். முனை போகும் பாதை ஓர் அரைவட்டம். மறுபக்கம் இன்னோர் அரைவட்டம். இரண்டும் சேர்ந்தது, 8 செ.மீ. கோட்டை விட்டமாகக் கொண்ட வட்டம். நமக்கு வேண்டிய புள்ளி இந்த வட்டத்திலும் இருக்க வேண்டும், முதல் வட்டத்திலும் இருக்க வேண்டும். இரண்டும் வெட்டுகிற இடங்களே தொடுபுள்ளிகள்.

தாளில் இதற்கு வேலை கொஞ்சம்தான். மையத்தையும் வெளிப்புள்ளியையும் இணைத்து, கவராயத்தை 5 அல்லது 6 செ.மீ. விரித்து இரு முனைகளிலிருந்தும் வில் போட்டு மையக்குத்துக்கோடு வரைந்தால் நடுப்புள்ளி கிடைக்கும். அங்கே கவராயத்தை ஊன்றி 4 செ.மீ. ஆரத்தில் வட்டம். அது முதல் வட்டத்தைச் சுமார் 68 பாகைச் சாய்வில் வெட்டுகிறது. உரசுகிற கோடுகளைப் போல வழுக்காமல், பளிச்சென்று தெரியும் வெட்டு. புள்ளி வட்டத்துக்கு மிக அருகில் இருந்தால் இந்த வசதி போய்விடும். 8-க்குப் பதில் 3.2 செ.மீ. என்றால் வெட்டும் கோணம் 20 பாகைக்குச் சுருங்கி, பழைய மங்கலே திரும்பி வரும்.

‘இரண்டு கோடும் சமமாக வந்துவிட்டது, சரிதான்’ என்று நிம்மதி அடைகிறவர்கள் உண்டு. அந்த நிம்மதிக்கு ஆதாரம் போதாது. விட்டத்தை ஆரம் என்று எடுத்து 6 செ.மீ. ஆரத்தில் வரைந்தாலும் இரண்டும் சமமாகவே வரும், ஆனால் 5.3 ஆக. 8 செ.மீ.யை மையத்திலிருந்து அளக்காமல் வட்டத்தின் விளிம்பிலிருந்து அளந்தால் இரண்டும் 10.6. நடுப்புள்ளி இணைப்புக் கோட்டை விட்டு விலகினால்தான் சமம் கெடும். எனவே கணக்குப் போட்டு வந்த 7.4-உடன் ஒப்பிட்டே ஆக வேண்டும்.

யூக்ளிட் இந்த அரைவட்ட வழியில் போகவில்லை என்பது சுவையான செய்தி. அவருடைய மூன்றாம் நூலில் தொடுகோடு வரைவது 17-ஆவது கூற்று. அரைவட்டத்துக் கோணம் செங்கோணம் என்பதோ 31-ஆவது. இன்னும் நிறுவாததை அவர் எடுத்தாள மாட்டார். அதனால் வெளிப்புள்ளி வழியாக ஒரு பெரிய வட்டம் வரைந்து, இணைப்புக் கோடு சிறிய வட்டத்தை வெட்டும் இடத்தில் ஒரு செங்குத்தை எழுப்பி, அது பெரிய வட்டத்தைத் தொடும் முனையை மையத்தோடு இணைக்கிறார். அந்தக் கோடு சிறிய வட்டத்தைக் கடக்கும் இடம் தொடுபுள்ளி. அதே முக்கோணம்தான், தலைமாற்றி வைக்கப்பட்டிருக்கிறது.

இனி வரைபடத்தாள். மையம் (0, 0), ஆரம் 6, வெளிப்புள்ளி (6, 8). பலர் சாய்வை m என்று வைத்து, கோட்டை y − 8 = m(x − 6) என்று எழுதி, மையத்திலிருந்து அதன் தொலைவு 6 என்று சமன்பாடு போடுவார்கள். சுருக்கினால்:

36m² − 96m + 64 = 36m² + 36

இருபுறமும் m² அடிபட்டுப் போய், m = 7/24 என்று ஒரே ஒரு விடை நிற்கும். வெளியே இருக்கிற புள்ளிக்கு ஒரே தொடுகோடா? இந்த இடத்தில் கூட்டல் கழித்தலில் பிழை தேடி அரைமணி நேரம் போவது வழக்கம். பிழையே இல்லை.

முக்கோணத்திடம் போவோம். கர்ணம் 10, ஆரம் 6, தொடுகோடு 8. தொடுபுள்ளியிலிருந்து கர்ணத்துக்கு ஒரு செங்குத்து இறக்கினால், உண்டாகிற சிறிய முக்கோணம் பெரியதன் வடிவத்திலேயே இருக்கும். அதனால் செங்குத்தின் அடி மையத்திலிருந்து 36/10, அதாவது 3.6 தொலைவில் விழும். செங்குத்தின் உயரம் 48/10, அதாவது 4.8.

மையத்திலிருந்து வெளிப்புள்ளியை நோக்கிப் போகும்போது ஒவ்வோர் அலகுக்கும் 0.6 வலப்புறமும் 0.8 மேலேயும் நகர்கிறோம். 3.6 அலகு போனால் (2.16, 2.88). அங்கிருந்து செங்குத்தாகத் திரும்ப அதே எண்களை இடம் மாற்றிக்கொண்டால் போதும்: அலகுக்கு 0.8 வலம், 0.6 கீழ். 4.8 அலகு நடந்தால் 3.84 வலம், 2.88 கீழ், வந்து நிற்கும் இடம் (6, 0). எதிர்ப்பக்கம் அதே அளவு நடந்தால் (−1.68, 5.76).

முதல் தொடுபுள்ளியும் வெளிப்புள்ளியும் x = 6 என்ற ஒரே நிலைக்குத்துக் கோட்டில் நிற்கின்றன. நிலைக்குத்துக் கோட்டுக்குச் சாய்வு என்று ஓர் எண் கிடையாது. அதனால்தான் m அதைக் காட்டாமல் விட்டது. (6, 8)-இலிருந்து (6, 0) வரை அளந்தால் 8. மற்றதற்கு 7.68-இன் வர்க்கமும் 2.24-இன் வர்க்கமும் கூட்டினால் 64, அதுவும் 8.