இடையில் போன மூன்று வருடத்தை ரெஸ்யூமில் எங்கே எழுதுவது?

கோவில்பட்டிப் பக்கம் பி.இ. மெக்கானிக்கல் முடித்த பிள்ளைகள் கொண்டுவரும் ரெஸ்யூம்களைப் பார்த்தால், எல்லாவற்றையும் ஒரே ஆள் எழுதிக்கொடுத்தது போல இருக்கும். பிரவுசிங் சென்டரில் கிடக்கும் பழைய ஃபைலில் பெயரையும் மார்க்கையும் மாற்றி பிரிண்ட் எடுத்துவிடுகிறார்கள். மேலே லட்சியம் பற்றி ஒரு பத்தி, கீழே "மேற்கண்டவை உண்மை" என்ற உறுதிமொழி, நடுவில் அப்பா பெயர், மதம், திருமணம் ஆனதா இல்லையா என்ற விவரம். இவற்றில் ஒன்றுகூட ஆள் எடுப்பவருக்குத் தேவையில்லை. அவருக்குத் தேவையான இடத்திலோ எதுவுமே இருக்காது. படிப்பு மூன்று வருடம் முன்பே முடிந்திருக்கும், அதோடு காகிதமும் முடிந்துவிடும்.

வேலைவாய்ப்பு முகாமில் ரெஸ்யூமை வாங்குபவர் பாஸான வருடத்தைப் பார்த்ததும் கேட்கும் முதல் கேள்வி, "இவ்வளவு நாள் என்ன பண்ணீங்க?" என்பதுதான். "சும்மாதான் சார் இருந்தேன்" என்று பையன் சொன்னால் பேச்சு அங்கேயே நின்றுவிடும். ஆனால் எங்கள் ஊரில் சும்மா இருந்தவர்கள் மிகக் குறைவு. செய்ததை வேலை என்று அவர்களே கணக்கில் எடுப்பதில்லை, அவ்வளவுதான்.

ஓர் எடுத்துக்காட்டு பார்ப்போம். படிப்பு முடிந்து ஒன்றரை வருடம் குரூப் 4-க்குப் படித்தார் ஒரு தம்பி. பிறகு மாமாவின் லேத் பட்டறைக்குப் போய்வந்தார். "சம்பளச் சீட்டு கிடையாதே, இதை எப்படி சார் அனுபவம்னு போடுறது?" என்பது அவர் சந்தேகம். அவரிடம் கேட்கவேண்டியவை சாதாரணக் கேள்விகள்தான். காலையில் போனதும் முதலில் என்ன செய்வீர்கள்? எந்த மெஷின் வேலை வரும்? எதை வைத்து அளப்பீர்கள்? தவறினால் என்ன ஆகும்? பதில்கள் வர வர ரெஸ்யூமின் வரிகள் கிடைத்துவிடும்: தீப்பெட்டி ஆலை மெஷின்களில் தேய்ந்த ஷாஃப்ட்டைக் கழற்றி அளந்தேன், புதியதை லேத்தில் கடைந்தேன், பேரிங் பொருத்தி ஓட்டிப் பார்த்தேன், வெர்னியரும் மைக்ரோமீட்டரும் தினமும் கையாண்டேன். "கடின உழைப்பாளி", "குழுவாக வேலை செய்வேன்" என்ற வரிகளை எடுத்துவிட்டு, அந்த இடத்தில் இவற்றை எளிய ஆங்கிலத்தில் எழுதினால் போதும். ஒரே பக்கத்தில் அடங்கிவிடும்.

இங்கே ஒரு எச்சரிக்கை. பட்டறையில் உதவியாளராக இருந்தவர் "மெயின்டனன்ஸ் இன்ஜினியர்" என்று போட்டுக்கொள்ளக் கூடாது. காசு கொடுத்து அனுபவச் சான்றிதழ் வாங்கவும் கூடாது. பல நிறுவனங்கள் பி.எஃப். கணக்கை வைத்து முந்தைய வேலையைச் சரிபார்க்கின்றன. பொய் என்று தெரிந்தால் சேர்ந்த பிறகும் வெளியே அனுப்புவார்கள். "உதவியாளர், குடும்பப் பட்டறை" என்று உள்ளபடி எழுதி, கேட்டால் தருவதற்குப் பட்டறைக்காரரின் எண்ணை வைத்துக்கொள்ளலாம்.

எழுதிய ஒவ்வொரு வரிக்கும் இன்டர்வியூவில் கேள்வி வரும். பயிற்சியையும் அங்கிருந்தே தொடங்கவேண்டும். மனப்பாடம் செய்த சுய அறிமுகம் இரண்டாவது கேள்வியிலேயே உடைந்துவிடுகிறது. "25 மில்லிமீட்டர் துளை உள்ள பேரிங், சுழலும் ஷாஃப்ட்டில் உட்கார வேண்டும். ஷாஃப்ட்டை எந்த அளவுக்குக் கடைவீர்கள்?" என்று கேட்கிறார்கள் என்று வைத்துக்கொள்வோம். புத்தகம் மட்டும் படித்தவர் 'ஃபிட்' வகைகளின் பெயர்களை ஒப்பிப்பார். இந்தத் தம்பியோ, "25.01 வரை வைப்பேன் சார். 25-க்குக் கீழே போனால் உள்வளையம் ஷாஃப்ட்டில் வழுக்கும், ரொம்பக் கூடினால் பேரிங் இறுகிச் சூடாகும்" என்று சொல்ல முடியும். முதலில் இதைத் தமிழிலேயே தடையில்லாமல் சொல்லிப் பழகவேண்டும். பிறகு அதே வாக்கியங்களை ஆங்கிலத்தில் சொல்லலாம். ஆங்கிலம் திக்கினாலும் விஷயம் கையில் இருப்பது கேட்பவருக்குத் தெரிந்துவிடும். கடையில் வாங்கிய இறுதியாண்டு புராஜெக்டை ரெஸ்யூமில் பெரிதாகப் போடுபவர்கள் மாட்டிக்கொள்வது இதே காரணத்தால்தான்: கையில் விஷயம் இருக்காது.

குரூப் 4-க்குப் படித்ததை மறைக்கவேண்டியதில்லை. ஆனால் கேட்பவரின் பயம் வேறு: தேர்வில் பாஸானால் இந்த ஆள் போய்விடுவாரே என்பது. "படித்தேன், எழுதினேன், கிடைக்கவில்லை. அதற்குப் பிறகு பட்டறை வேலைக்கு வந்துவிட்டேன்" என்று சொல்லி நிறுத்தலாம். இன்னும் எழுதுவதாக இருந்தால் இல்லை என்று சொல்லாதீர்கள். ஷிஃப்ட் பார்த்துக்கொண்டே படிக்கிறேன் என்பதும் நேர்மையான பதில்தான்.

நல்ல ரெஸ்யூமாலும் திறக்க முடியாத ஒரு கதவு உண்டு. சில பெரிய கம்பெனிகள் சமீபத்தில் பாஸான பேட்ச் மட்டும் போதும் என்று அறிவிப்பிலேயே போட்டுவிடுகின்றன. அங்கே வரிசையில் நின்று நாளைப் போக்க வேண்டாம். அந்த நேரத்தில் ராஜபாளையம் நூற்பாலைகள், கோவை பம்ப் தொழிற்கூடங்கள், ஓசூரில் உதிரிபாகம் செய்யும் சிறு யூனிட்டுகள் என்று விண்ணப்பிக்கலாம். மெஷினைத் தொட்டவர் வேண்டும் என்று தேடும் இடங்களில் பட்டறை வரிகள்தான் முதலில் படிக்கப்படும். அவற்றைப் படிப்பு விவரத்துக்கும் மேலே வையுங்கள்.