எண்பது ரூபாய் டிக்கெட் நூறாகும்போது

கட்டண உயர்வை விளக்கி, சிற்றூர்த் திரையரங்கு உரிமையாளர் வழக்கமாக வரும் ரசிகர்களுக்கு எழுதும் கடிதம் முதலில் சொல்ல வேண்டியது, கூடுதலாக வாங்கும் பணம் யாரிடம் போகிறது என்பதைத்தான். “செலவு கூடிவிட்டது” என்று மட்டும் எழுதினால், உயர்வு முழுவதும் முதலாளியின் பைக்குப் போவதாகவே ஊர் நினைக்கும். உண்மை அப்படியல்ல.

தமிழகத்தின் ஒரு சிறு நகரில் 80 ரூபாய் டிக்கெட்டை 100 ஆக்குவதாக வைத்துக்கொள்வோம். உள்ளாட்சிக் கேளிக்கை வரியைக் கணக்கின் எளிமைக்காக விட்டுவிடலாம். 2025 செப்டம்பர் 22 முதல், 100 ரூபாய் வரையிலான டிக்கெட்டுக்கு ஜி.எஸ்.டி. 5 சதவீதம். ஆகவே 84 ரூபாய் கொடுத்தவர் இனி 105 கொடுப்பார். வரி போக மிஞ்சுவதை விநியோகஸ்தரும் அரங்கும் பிரித்துக்கொள்கின்றனர். பெரிய நடிகரின் படமென்றால் முதல் வாரத்தில் பெரும்பங்கு விநியோகஸ்தருக்கே. அதை 60 சதவீதம் எனக் கொண்டால், அரங்குக்கு முன்பு 32 ரூபாய், இப்போது 40. ரசிகர் கொடுக்கும் கூடுதல் 21 ரூபாயில் அரங்கைச் சேர்வது எட்டே ரூபாய்தான்.

அந்த எட்டு ரூபாய் எதற்கு? காட்சிக்கு இருபது பேர் வந்தாலும் இருநூறு பேர் வந்தாலும் ஏசி ஓடியாக வேண்டும். ஆபரேட்டருக்கும் டிக்கெட் கிழிப்பவருக்கும் சம்பளம் தர வேண்டும். டிஜிட்டல் புரொஜெக்டரின் விளக்குக்கும் ஆயுள் குறைந்துகொண்டே வரும். விளக்கை மாற்றத் தள்ளிப்போட்டால் திரை மங்கும், இருட்டுக் காட்சிகளில் முகம் தெரியாது. பணத் தட்டுப்பாட்டை ரசிகர் முதலில் காண்பது இங்கேதான். ஒரு காட்சியின் செலவு 3,200 ரூபாய் என்றால், பழைய கட்டணத்தில் அதை ஈடுகட்ட 100 பேர் வேண்டும். புதியதில் 80 பேர் போதும்.

நூறோடு நிறுத்துவதற்கும் காரணம் உண்டு. நூறைத் தாண்டினால் ஜி.எஸ்.டி. 18 சதவீதம். 110 ரூபாய் டிக்கெட்டுக்கு ரசிகர் 129 ரூபாய் 80 காசு கொடுக்க வேண்டும். 105 ரூபாயோடு ஒப்பிட்டால் 24 ரூபாய் 80 காசு அதிகம். அரங்குக்கோ நான்கு ரூபாய்தான் கூடுகிறது. அரசு நிர்ணயிக்கும் உச்சவரம்பு இடம் கொடுத்தாலும் இந்தப் படியைத் தாண்டுவது சிற்றூருக்குக் கட்டுப்படியாகாது.

கூட்டம் குறையும் ஆபத்தையும் கடிதம் மறைக்கக்கூடாது. முன்பு 120 பேர் வந்த காட்சிக்கு இனி 96 பேர் மட்டும் வந்தால் டிக்கெட் வரவு பழைய 3,840 ரூபாயிலேயே நிற்கும். கேண்டீன் விற்பனையோ நிச்சயம் குறையும். விநியோகஸ்தருக்குப் பங்கில்லாத வருமானம் அது என்பதால் அந்த இழப்பு முழுவதும் அரங்கின் தலையில்தான் விழும். அதனால், எப்படியும் இருக்கைகள் காலியாகக் கிடக்கும் வார நாள் காலைக் காட்சிக்குப் பழைய கட்டணத்தையே வைத்துக்கொள்வது நல்லது. கூலி வேலைக்குப் போகும் குடும்பங்கள் தொடர்ந்து வர இது உதவும். எந்தத் தேதி முதல், எந்தக் காட்சிக்கு, வரியோடு எவ்வளவு என்பதைக் கடிதத்தின் முடிவில் தெளிவாக எழுதி, ஒரு பிரதியை டிக்கெட் கவுன்டரிலும் ஒட்டிவிட வேண்டும்.