தஞ்சாவூர் ஓவியக் கிட்டில் என்ன இருக்கிறது?

தஞ்சாவூர் ஓவியக் கிட் விற்பவர்கள் சிலர் ‘எல்லாம் உள்ளே’ என்று எழுதிவிடுகிறார்கள். பெட்டியைப் பிரித்தால் பிரஷ் இருக்காது.

நல்ல விவரக்குறிப்பு பொருள்களை எண்ணிச் சொல்லும்: கோடு வரைந்த பலகை 1, சுண்ணப்பொடி, பசை, கற்கள், தங்கத்தாள். தாள் அசல் தங்கமா, வெறும் தங்க நிறமா என்பதையும் சொல்லியாக வேண்டும். விலையே அதில்தான் மாறும்.

நேரக்கணக்கில்தான் பலரும் சறுக்குகிறார்கள். கைவேலை 6 மணி நேரத்தில் முடியலாம். ஆனால் புடைப்புக்காகப் பூசும் சுண்ணக்கலவை ஓர் இரவாவது காய வேண்டும். ஈரத்தின் மேல் தாளை ஒட்டினால் சுருங்கி, ஓரம் கிளம்பிவிடும். எனவே ‘வேலை 6 மணி நேரம், காய்வதையும் சேர்த்து 2 நாள்’ என்று பிரித்து எழுதுவதே நேர்மை.

‘தொடக்கநிலை’ என்பதைவிட, ‘கத்தரியால் வளைவாக வெட்டத் தெரிந்தால் போதும்’ என்பது தெளிவு. கத்தரி, மெல்லிய பிரஷ் இரண்டும் கிட்டில் இல்லை என்பதை விலைக்குப் பக்கத்திலேயே போடுங்கள்.