மூடியுள்ள போத்தல் கூடையில், மூடியில்லாதது பெட்டியில்: தவறு கேமராவிலா, கணக்கிலா?

கேமராவின் திரையில் மூடியில்லாத போத்தல் தெளிவாகத் தெரிகிறது. ஆனால், கழிவுக் கூடையில் விழுந்து கிடப்பதோ நன்றாக மூடப்பட்ட போத்தல். மூடியில்லாதது பெட்டி கட்டும் இடத்திற்குப் போய்விட்டது. கிச்சாப், குளிர்பானம் போன்றவற்றை அடைக்கும் தொழிற்சாலைகளில் இப்படி நடந்தால், முதலில் கேள்வி கேட்கப்படுபவர் லைன் ஓரத்தில் நிற்கும் தொழிலாளிதான். திரையில் உள்ள படமும் கூடையில் உள்ள போத்தலும் பொருந்தவில்லை என்றால், கேமரா தன் வேலையைச் சரியாகவே செய்திருக்கிறது. தவறியது, கேமராவுக்கும் தள்ளும் கருவிக்கும் இடையிலான கணக்கு.

இந்த அமைப்பு இயங்கும் விதம் எளிமையானது. பெல்ட்டில் வரும் போத்தலை ஒரு சென்சார் கண்டதும் கேமரா படம் எடுக்கிறது. குறை இருந்தால், சற்றுத் தள்ளியுள்ள காற்று சிலிண்டர் நீண்டு அந்தப் போத்தலைக் கூடைக்குத் தள்ள வேண்டும். எப்போது தள்ளுவது என்பதில்தான் சிக்கல்.

ஓர் எடுத்துக்காட்டைப் பார்ப்போம். பெல்ட் ஒரு விநாடிக்கு 500 மில்லிமீட்டர் நகர்கிறது. சென்சாரிலிருந்து சிலிண்டர் 600 மில்லிமீட்டர் தூரத்தில் உள்ளது. எனவே, போத்தல் அங்கே போய்ச் சேர 1.2 விநாடி ஆகும். ஆனால், உத்தரவு கிடைத்தவுடனே சிலிண்டர் போத்தலைத் தொட்டுவிடாது. வால்வு திறந்து, காற்று நிறைந்து, தண்டு நீள 0.08 விநாடி ஆகிறது என்று வைத்துக்கொள்வோம். அதற்குள் போத்தல் 40 மில்லிமீட்டர் நகர்ந்துவிடும். ஆகவே, 1.12 விநாடியிலேயே உத்தரவு போக வேண்டும். பலர் இந்த எண்ணை டைமரில் பதித்துவிட்டு வேலை முடிந்தது என்று நினைக்கிறார்கள்.

பெல்ட்டின் வேகம் விநாடிக்கு 400 மில்லிமீட்டராகக் குறைந்தால் என்ன ஆகும்? அதே 1.2 விநாடியில் போத்தல் 480 மில்லிமீட்டர் மட்டுமே நகர்ந்திருக்கும். இன்னும் 120 மில்லிமீட்டர் பாக்கி. ஒரு போத்தலுக்கும் அடுத்த போத்தலுக்கும் உள்ள இடைவெளியும் 120 மில்லிமீட்டர்தான் என்றால், அந்த நேரத்தில் சிலிண்டருக்கு முன்னால் நிற்பது ஒரு போத்தல் முன்னே போன நல்ல போத்தல். அதுதான் கூடையில் விழுகிறது.

இதற்குத் தீர்வு, நேரத்தை விட்டுவிட்டு தூரத்தை எண்ணுவது. பெல்ட்டின் உருளையில் பொருத்தப்படும் என்கோடர், பெல்ட் நகரும் ஒவ்வொரு மில்லிமீட்டருக்கும் ஒரு துடிப்பைக் கொடுக்கும்படி அமைக்கலாம். சென்சார் போத்தலைக் கண்ட கணத்திலிருந்து 560 துடிப்புகள் ஆனதும் உத்தரவு போகும். பெல்ட் மெதுவாக ஓடினாலும், நின்று மீண்டும் ஓடினாலும், கணக்கு கூடவே வரும்.

எண்ணத் தொடங்க வேண்டியது சென்சார் கண்ட கணத்திலிருந்து. கேமராவின் முடிவு வந்த பிறகு அல்ல. ஒரு படத்தை ஆராய எடுக்கும் நேரம் மற்றொன்றுக்கு மாறும். அங்கிருந்து எண்ணினால் ஒவ்வொரு முறையும் வேறொரு இடத்தில் அடி விழும். மேலும், நமது எடுத்துக்காட்டில் சென்சாருக்கும் சிலிண்டருக்கும் நடுவே எப்போதும் சுமார் ஐந்து போத்தல்கள் இருக்கும். ஆகவே, ஒரே டைமர் போதாது. ஒவ்வொரு போத்தலின் முடிவையும் வரிசையாக நினைவில் வைக்கும்படி பிஎல்சி எழுதப்பட்டிருக்க வேண்டும்.

என்கோடர் சரிசெய்யாதது காற்றின் தாமதம். மற்ற மெஷின்களும் காற்றை இழுத்து அழுத்தம் குறையும்போது, சிலிண்டர் மெதுவாக நீளும். 0.08 விநாடி 0.12 ஆனால், போத்தல் 20 மில்லிமீட்டர் கூடுதலாக நகர்ந்துவிடும். அடி நடுவில் விழாமல் பின்பக்கம் விழும். போத்தல் நேராகச் சறுக்காமல் சுழன்று சாய்வதைக் கண்டால், முதலில் அழுத்தமானியைப் பார்ப்பது நல்லது. சிலிண்டருக்கென்று தனி அழுத்தச் சீராக்கி இருந்தால் இந்தத் தொல்லை குறையும்.

என்கோடர் பெல்ட்டைத்தான் எண்ணுகிறது, போத்தலை அல்ல. போத்தல்கள் முட்டி நின்று பெல்ட் மட்டும் அடியில் வழுக்கி ஓடினாலோ, யாராவது நடுவில் ஒன்றை எடுத்துவிட்டாலோ கணக்கு குழம்பிவிடும். அதனால் சிலிண்டரைக் கேமராவுக்கு இயன்றவரை அருகில் வைப்பதும், சிலிண்டருக்குச் சற்று முன்னால் இன்னொரு சென்சார் வைத்துப் போத்தல் வந்ததை உறுதி செய்வதும் பாதுகாப்பு. குறையுள்ளது கூடையில் விழுந்ததா என்று பார்க்கும் சென்சாரும் வைத்து, விழாவிட்டால் லைன் தானாக நிற்கும்படி செய்யலாம்.

சோதிக்கும் வழியும் எளிது. மூடியில்லாத ஒரு போத்தலில் வண்ண டேப் ஒட்டி, நல்ல போத்தல்களுக்கு நடுவே விட வேண்டும். வழக்கமான வேகம், மெதுவான வேகம், நடுவில் நிறுத்தி மீண்டும் ஓட்டுவது என மூன்று விதமாகவும் பார்க்க வேண்டும். மூன்றிலும் டேப் ஒட்டிய போத்தல் மட்டும் கூடையில் இருந்தால் கணக்கு சரி. ஒரே வேகத்தில் மட்டும் சோதித்தால், டைமர் வைத்த லைனும் தேறிவிடும். ஷிப்டின் நடுவே வேகம் மாறும்போதுதான் குட்டு வெளிப்படும்.